சக்கரம் வைத்த வாக்கரும் நான்கு அங்குலப் பள்ளமும்

மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், சமையலறைக்கும் துணி துவைக்கும் பின்பக்க இடத்துக்கும் நடுவே நான்கு அங்குலப் பள்ளம் ஒன்று உண்டு. தண்ணீர் சமையலறைக்குள் வராமல் இருப்பதற்காகச் சென்னையின் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் இப்படித்தான் கட்டுகிறார்கள். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்தும் அதை ஒரு படி என்று நான் நினைத்ததே இல்லை. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை, எட்டு மாதம் முடிந்திருந்த என் மகள் வாக்கரோடு சேர்ந்து அந்தப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்த பிறகுதான், வீட்டின் தரையை நான் முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன்.

வாக்கர் என்று நான் சொல்வது, வட்டமான பிளாஸ்டிக் அடிச்சட்டத்தில் சுற்றிலும் சக்கரங்கள் பொருத்தி, நடுவில் துணி இருக்கையும் முன்னால் பாட்டுப் பாடும் பொம்மைத் தட்டும் வைத்த பொருளை. குழந்தை அதற்குள் உட்கார்ந்து, கால் விரல்களால் தரையை உந்தி ஓட்டும். நம் ஊரில் குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் மரத்தாலான நடைவண்டி வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் வந்துவிட்டதாலேயே பலர் குழம்புகிறார்கள். நானும் குழம்பியவள்தான். நாங்கள் எல்லோரும் நடைவண்டி பிடித்து வளர்ந்தவர்கள்தானே, இது அதன் புதிய வடிவம் என்றுதான் நினைத்தேன்.

வாங்கியது தியாகராய நகரில் ஒரு பெரிய கடையில். விலை 2,890 ரூபாய். என் கணவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில்தான் வருவார். எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. அத்தைக்கு முழங்கால் வலி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தவழத் தொடங்கிய குழந்தை ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆகவே அரை மணி நேரமாவது இரண்டு கையும் விடுபட்டால் போதும் என்ற நிலையில்தான் கடைக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் 6 மாதம் முதல் 18 மாதம் வரை என்றும் 12 கிலோ வரை தாங்கும் என்றும் எழுதியிருந்தது. கடைக்காரப் பையன், "சீக்கிரம் நடந்துரும் மேடம், பக்கத்துல யாராவது இருந்தா போதும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டையும் நான் அன்று நம்பினேன்.

முதல் இரண்டு வாரம் மகிழ்ச்சியாகத்தான் போனது. அதை மறைக்க விரும்பவில்லை. வாக்கரில் உட்கார வைத்தால் அவள் கூச்சலிட்டுச் சிரிப்பாள். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்வாள். நான் அவ்வளவு நேரமும் வேலை பார்ப்பேன். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் என்று பழக்கமாகிவிட்டது. இருபதாவது நாள் வாக்கில் ஒரு சிறிய எச்சரிக்கை கிடைத்தது. மேசை மேல் இருந்த காப்பித் தம்ளரை அவள் கை எட்டிப் பிடித்திருந்தது. தரையில் தவழும்போது எட்டாத மேசை விளிம்பு, வாக்கரில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் எட்டியது. காப்பி ஆறியிருந்ததால் பாவாடை நனைந்ததோடு போயிற்று. அதற்குப் பிறகு மேசையைக் காலி செய்தேனே தவிர, வாக்கரைப் பற்றி யோசிக்கவில்லை.

இருபத்து நான்காவது நாள் மாலை ஆறு மணி. அத்தை பூசை அலமாரியில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். குழந்தை சமையலறை வாசலில் வாக்கரில் நின்று தட்டில் இருந்த ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தாள். சற்று முன்புதான் தரை துடைத்திருந்ததால் ஈரம் முழுவதும் காயவில்லை. பின்கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்கத் திரும்பினேன். திரும்பி அணைத்து மறுபடி பார்ப்பதற்குள் ஒலிப்பான் சத்தம் நின்று, பிளாஸ்டிக் மோதும் சத்தமும் அழுகையும் கேட்டன. வாக்கர் முன்பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. அவள் நெற்றி சிமென்ட் தரையில் மோதியிருந்தது. மேலுதடு கிழிந்து இரத்தம் வந்தது. கால்கள் இருக்கைத் துணிக்குள் இருந்ததால் அவளை வெளியே எடுக்கவே சில நொடிகள் ஆயின. அந்தச் சில நொடிகளில் என் கை எப்படி நடுங்கியது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அத்தை என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "நீ ஆட்டோ பிடிம்மா, நான் கதவைப் பூட்டிக்கிறேன்" என்றார். வேளச்சேரிப் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். வழியில் ஒரு முறை பால் கக்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. கணவரின் கைபேசி தொடர்பில் கிடைக்கவில்லை. சோதித்த மருத்துவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றுக்குத் தெளிவாக விடை சொல்ல முடிந்ததால்தான் தேவையற்ற ஸ்கேன் தவிர்க்கப்பட்டது. விழுந்ததும் உடனே அழுதாளா, அல்லது சில நொடிகளாவது நினைவில்லாமல் இருந்தாளா? எவ்வளவு உயரம்? அடி பட்டது நெற்றியிலா, பக்கவாட்டிலா, பின்மண்டையிலா? இப்போது உங்களைப் பார்த்து வழக்கம்போல நடந்துகொள்கிறாளா? உடனே அழுதாள், உயரம் மூன்று அடிக்குக் குறைவு, வீக்கம் நெற்றியில் மட்டும், என்னிடம் வந்ததும் அடங்கினாள் என்பதால் ஸ்கேன் வேண்டாம், கண்காணிப்பில் வைத்தால் போதும் என்றார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நெற்றி வீக்கத்தைவிடப் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் வரும் வீக்கம்தான் அதிகக் கவலைக்குரியது என்றும், கதிர்வீச்சை வீணாகச் செலுத்தக் கூடாது என்றும் விளக்கினார். நான்கு மணி நேரம் அங்கேயே இருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கு வழியாக இரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலோ உடனே திரும்பி வரச் சொன்னார். நல்ல வேளையாக எதுவும் நடக்கவில்லை. உதட்டுக் காயம் ஐந்து நாளில் ஆறியது.

கிளம்பும்போது மருத்துவர் கேட்டார்: "வாக்கரா?" ஆமாம் என்றேன். "பக்கத்துலதான் இருந்தீங்களா?" அதற்கும் ஆமாம் என்றேன். "பக்கத்துல இருக்கும்போதுதான் பெரும்பாலும் விழுது" என்றார். அது என்னை ஆறுதல்படுத்தச் சொன்னது என்று அன்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, அது அப்படியே உண்மை என்று தெரிந்தது. வாக்கரில் உள்ள குழந்தை ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் நகர முடியும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பெற்றோரை எச்சரிக்கிறது. எங்கள் சமையலறை வாசலிலிருந்து பள்ளத்தின் விளிம்பு ஏழு அடி. அதாவது இரண்டரை நொடிக்கும் குறைவு. அடுப்பை அணைக்கும் நேரம். பார்த்துக்கொண்டே இருந்திருந்தாலும், நான் நின்ற இடத்திலிருந்து ஓடிப் பிடித்திருக்க முடியாது. கண்காணிப்பு என்பது தவழும் குழந்தைக்குப் பொருந்தும். அதே குழந்தைக்குச் சக்கரம் கட்டிவிட்டு அதே கண்காணிப்பு போதும் என்று சொல்வது சரியில்லை.

ஒரு வாரம் கழித்து, வாக்கரை எறிவதற்கு முன்பு, நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு மனம் அடங்கவில்லை. அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிச்சட்டத்தின் கீழ் விளிம்பில் சாம்பல் நிறத்தில் நான்கு ரப்பர்ப் பட்டைகள் ஒட்டியிருந்தன. அவை அலங்காரம் அல்ல. ஒரு சக்கரம் படி விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியதும் சட்டம் தாழ்ந்து, அந்தப் பட்டை தரையில் உரசி வண்டியை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை. அமெரிக்காவில் 1997-இல் திருத்தப்பட்ட தரவிதி, வாக்கர் ஒன்று 36 அங்குல வாசலில் நுழையாத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும், அல்லது படி விளிம்பில் தானாக நிற்க வேண்டும் என்று கேட்டது. முதலில் உற்பத்தியாளர்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த இந்தத் தரம் 2010-இல் அங்கே கட்டாயமாக்கப்பட்டது.

எங்கள் வாக்கரின் பட்டைகளில் ஒன்று பாதி உரிந்து தொங்கியது. மற்றவை விரல் நகத்தால் கிளறினால் பெயரும் அளவுக்கு மெல்லியவை. இருக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பையையும் மூன்று கிலோ பருப்பையும் வைத்துக் கட்டினேன்; மகளின் எடை எட்டு கிலோ. காய்ந்த தரையில் நேராகப் பள்ளத்தை நோக்கி ஐந்து முறை தள்ளினேன். நான்கு முறை விளிம்பில் நின்றது, ஒரு முறை கவிழ்ந்தது. பிறகு ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு ஐந்து முறை தள்ளினேன். ஐந்து முறையும் நிற்காமல் வழுக்கிச் சென்று கவிழ்ந்தது. காய்ந்த தரையிலேயே சற்றுச் சாய்வாகத் தள்ளி, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் முதலில் இறங்கும்படி விட்டபோதும் நிற்கவில்லை. அரிசிப் பையின் கனம் கீழே தங்குகிறது. குழந்தையின் கனத்தில் பெரும்பங்கு தலையிலும் மார்பிலும், அதாவது மேலே இருக்கிறது. ஆகவே உண்மையில் குழந்தை இருக்கும்போது இதைவிட எளிதாகவே கவிழும். பளபளப்பான டைல்ஸ் தரையும் தினமும் ஈரத்துடைப்பும் உள்ள நம் வீடுகளில், உரசி நிறுத்தும் பட்டையை நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான். வீட்டில் ஏற்கெனவே வாக்கர் இருப்பவர்கள் இன்றே அதைக் கவிழ்த்து அந்தப் பட்டைகளைப் பாருங்கள். பட்டையே இல்லாத வாக்கர்களையும் பின்னர் கடைகளில் பார்த்தேன்.

பட்டை இருந்தால் போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் என் முடிவு. 2018-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 1990 முதல் 2014 வரை அமெரிக்காவில் 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2.3 லட்சம் பேர் வாக்கர் விபத்தால் அவசரச் சிகிச்சைக்கு வந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் படிகளில் விழுந்தவர்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். தரவிதி வந்த பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் அது நிற்கவில்லை. கனடா 2004 ஏப்ரலில் இந்தப் பொருளையே தடை செய்துவிட்டது. அங்கே இதை விற்கவோ இறக்குமதி செய்யவோ, பழைய பொருளாகக் கைமாற்றவோ கூடாது. ஒரு நாடு கைமாற்றக்கூடக் கூடாது என்று சொன்ன பொருளை நான் 2,890 ரூபாய் கொடுத்து வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அடுத்து வயது. பெட்டியில் போட்டிருந்த 6 மாதம் என்ற எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் ஒரு குழந்தை என்ன செய்யும் என்று பார்த்திருந்தால் அந்த எண் எதையும் சொல்லவில்லை என்று புரிந்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகோலின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் துணையின்றி உட்காரத் தொடங்குவது ஏறக்குறைய 4 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். துணையின்றி நடப்பது 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில். இவ்வளவு அகலமான இடைவெளியில், எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இன்னும் யோசித்தால், வாக்கருக்குப் பொருத்தமான வயது என்று ஒன்று இல்லவே இல்லை. நிற்கத் தெரியாத குழந்தைக்கு அது தன் வலுவுக்கு மீறிய வேகத்தைக் கொடுக்கிறது. நிற்கவும் நடக்கவும் தெரிந்த குழந்தைக்கு அது தேவையே இல்லை.

சீக்கிரம் நடந்துவிடும் என்று கடைக்காரப் பையன் சொன்னதும் தலைகீழ்தான். வாக்கரில் குழந்தை நிற்பதில்லை. தொங்கிக்கொண்டு கால் விரலால் உந்துகிறது. என் மகளைக் கவனித்தபோது குதிகால் தரையைத் தொடவே இல்லை. இருக்கையைக் கீழ்நிலைக்கு இறக்கிப் பார்த்தேன், அப்போதும் முன்பாதம்தான். பொம்மைத் தட்டு மறைப்பதால் தன் கால் என்ன செய்கிறது என்பதைக் குழந்தையால் பார்க்கவும் முடியாது. விழாமல் சமநிலை காப்பதுதான் நடையின் பெரும்பகுதி. அந்த வேலையைத்தான் சட்டம் பார்த்துக்கொள்கிறதே! அயர்லாந்தில் 190 குழந்தைகளைக் கொண்டு செய்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, வாக்கரில் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது 3.3 நாள் தள்ளிப்போனதாகக் கண்டது. என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி வீதம் 24 நாளில் 36 மணி நேரம். தாமதம் ஐந்து நாள் அளவு. அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு மாதம் உட்கார வைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே 360 மணி நேரம், அதே விகிதத்தில் ஏறக்குறைய ஐம்பது நாள். பயந்து நடுங்க வேண்டிய தாமதம் அல்ல இது. சீக்கிரம் நடக்கும் என்று பணம் கொடுத்து வாங்குவது வீண் என்று மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

பொருளின் தரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கவிழ்ந்த வேகத்தில் பொம்மைத் தட்டின் ஒலிப்பான் மூடி தெறித்து விழுந்திருந்தது. மறுநாள் வீடு பெருக்கும்போது அத்தைதான் அதைக் கண்டெடுத்தார். அளந்தேன், 22 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும்போது 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கும் பாகம் எதுவும் கழன்று வரக் கூடாது என்பது விதி. அடங்கினால் தொண்டையில் சிக்கும் என்று பொருள். வீட்டில் அந்த உருளை இருக்காது. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அந்த நாணயத்தை விடச் சற்றுப் பெரியதாக இருந்தாலும்கூட ஆபத்தான அளவுதான் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, கடையிலேயே ஒவ்வொரு குமிழையும் திருகி இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நான் வாங்கிய பெட்டியில் பளபளக்கும் ஒட்டுத்தாள்கள் இரண்டு இருந்தன. பாதுகாப்பானது, சோதிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. யார் சோதித்தார்கள், எந்தத் தரத்தின்படி என்று ஓர் எழுத்து இல்லை. உண்மையான முத்திரையில் மேலே தர எண்ணும் கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் `BIS Care` செயலியில் உள்ளிட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்பது தெரிந்துவிடும். எங்கள் வாக்கரின் பொம்மைத் தட்டிலோ பெட்டியிலோ அந்த எண் எங்குமே இல்லை. ஒன்றை மட்டும் கலக்காமல் புரிந்துகொள்ள வேண்டும். பொம்மைத் தரம் கவனிப்பது கூர்முனை, கழலும் பாகம், வண்ணத்திலிருந்து கசியும் உலோகங்கள் போன்றவற்றை. தட்டில் முத்திரை இருந்தாலும், வண்டி படி விளிம்பில் நிற்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வாக்கர் 2,890, மருத்துவமனையில் 4,350, மறுசோதனைக்கு 700, ஆட்டோவுக்கு 520, மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பில் போனது 5,100. மொத்தம் 13,560 ரூபாய். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். உரிந்த பட்டையைக் காட்டினேன். அது எதற்கு என்றே அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஊருக்குப் போன அத்தை, மயிலாடுதுறை வீட்டுப் பரணிலிருந்து என் கணவர் ஓட்டிய நடைவண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முப்பத்தைந்து வருடத்துப் பொருள். சிவப்பும் பச்சையுமாகப் பூசிய வண்ணம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. "இதுல யாரும் விழுந்ததில்லம்மா" என்றார் பெருமையாக. அதுவும் பெரும்பாலும் உண்மைதான். நடைவண்டியில் குழந்தை தன் காலில், முழுப் பாதம் ஊன்றி நிற்கிறது. களைத்தால் கையை விட்டு உட்கார்ந்துகொள்கிறது. வேகம் அதன் காலின் வேகமே. ஆனால் அந்தப் பழைய வண்டியை நான் மகளிடம் கொடுக்கவில்லை. வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருப்பது சாதாரணம். பல் முளைக்கும் குழந்தை கைப்பிடியைத்தான் முதலில் கடிக்கும். உரிந்த வண்ணத்தை வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதும் தீர்வல்ல. அந்தத் தூள் தரையில் படிந்து கைவழியாக வாய்க்குப் போகும். இதை அத்தையிடம் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சாமி அலமாரி மேல வெச்சுக்கலாம்" என்றார். இப்போது அதில் மணிபிளான்ட் தொட்டி நிற்கிறது.

பாண்டிபஜார் அருகே சாலையோரத்தில் வண்ணம் பூசாத மர நடைவண்டி ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். மரச்சிலும்பு இருக்கிறதா என்று ஒரு பழைய நைலான் துணியை எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்தேன். துணி சிக்கிய இரண்டு இடங்களை விற்றவரே இழைத்துக் கொடுத்தார். அதற்கும் வரம்பு உண்டு. பொருளைப் பிடித்துத் தானே எழுந்து நின்று, சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரத் தொடங்கிய பிறகுதான் அதைக் கொடுக்க வேண்டும். என் மகளுக்கு அது பத்தரை மாதத்தில் வந்தது. டைல்ஸ் தரையில் லேசான வண்டி முன்னால் ஓடிக் குழந்தையை முகம்குப்புறத் தள்ளிவிடும். அதற்கு இரண்டு வழி செய்தேன். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மூன்று சக்கரங்களுக்கும் மாட்டினேன். குறுக்குச் சட்டத்தில் இரண்டு கிலோ மணல் பையைக் கட்டினேன். அதன் பிறகு தள்ளினால்தான் நகர்ந்தது. பின்பக்கப் பள்ளத்துக்கு முன்னால் திருகாணி வைத்துத் தடுப்புக் கதவு பொருத்தினோம். நடைவண்டியானாலும் அந்தக் கதவு மூடியிருந்தால்தான் எடுப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இரண்டு கையும் விடுபட வேண்டும் என்ற என் பழைய தேவைக்கு, கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்துக் கோரைப்பாய் விரித்து, இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களையும் ஒரு மர ஸ்டூலையும் உள்ளே வைத்ததே போதுமானதாக இருந்தது. வாக்கரில் சிரித்த அளவுக்கு அங்கே சிரிக்கவில்லை; முதல் நான்கு நாள் அழுதாள். பதின்மூன்றாவது மாதம் அந்த ஸ்டூலை விட்டுவிட்டுத்தான் முதல் நான்கு அடி நடந்தாள்.

வாக்கரை என்ன செய்வது என்பதில் சில நாள் தயங்கினேன். குடியிருப்பில் ஒருவர் 1,500 ரூபாய்க்குக் கேட்டார். அந்தப் பணம் தேவைப்பட்ட மாதம்தான் அது. கொடுக்கவில்லை. பழைய பேப்பர் வாங்க வந்தவரிடம் போட்டபோது, "நல்லாத்தானேம்மா இருக்கு, எம் பேத்திக்குக் கொண்டு போகட்டுமா?" என்றார். அவர் வீடு மாடியில், கைப்பிடி இல்லாத படிக்கட்டு என்று பேச்சில் தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாக்கிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அங்கேயே வாசலில் உட்கார்ந்து, சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு சட்டத்தைத் தராசில் வைத்தார். பிளாஸ்டிக் கணக்கில் நாற்பது ரூபாய் வந்தது.